ஒரே இரவுக்கு இரண்டு ஊரில் அறையா? தேதிக் கணக்கு தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ஜூனில் அம்மாவுடன் ஆக்லாந்து வழியாக குக் தீவுகளின் ரரொடோங்கா போகிறோம். ஹோட்டல் தேதிகளில் சிக்கிக்கொண்டேன்.

ஆக்லாந்தில் 12-ஆம் தேதி காலை 9 மணிக்கு விமானம், சுமார் 4 மணி நேரப் பயணம். ஜூனில் ரரொடோங்கா 22 மணி நேரம் பின்தங்கியிருப்பதால், 11-ஆம் தேதி மதியம் 3 மணிக்கே இறங்குகிறோம். நானோ அறையையும் விமான நிலைய வண்டியையும் 12-க்குப் போட்டுவிட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, முதல் இரவே அறையில்லாமல் நிற்க முடியாது.

டிக்கெட்டில் இரண்டு நேரமும் உள்ளூர் நேரம்தான், பார்த்துவிட்டேன். ஹோட்டலுக்கு மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. டிக்கெட் போட்டுத் தந்த அண்ணன், 11-ஆம் தேதி இரவு ஏற்கெனவே ஆக்லாந்து அறைக்குப் போய்விட்டது, மறுபடி போட்டால் இரட்டைப் பதிவு என்கிறார். அங்கேதான் குழப்பம். திரும்பும்போது 16 மாலை 4 மணிக்குக் கிளம்பினால் 17 மாலை 6-க்குத்தான் ஆக்லாந்து, அதை மாற்றிவிட்டேன்.

இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்: 11-ஆம் தேதி இரவுக்கு ஆக்லாந்து, ரரொடோங்கா இரண்டிலும் அறை போடுவதுதானே சரி?