ரென்னெட்டா, எலுமிச்சையா? மென்மையான சீஸும் வெட்டும் அளவும்

திருவையாறு வாசகி: எலுமிச்சை விட்டா பன்னீர் மாதிரி நறநறன்னு வருது. பாலை உறைய வைக்கிற ரென்னெட் நொதியை விட்டா, காய்ச்சி ஆற வச்ச பசும்பால் உறையவே மாட்டேங்குது. ரொட்டியில தடவுற பதம் வேணும். எது சரி?

குடந்தை கறவைக்காரர்: பால் பொங்கினதுதான் காரணம். கொதிக்கும்போது பாலின் மற்ற புரதங்கள் கேசீன் மேல் ஒட்டிக்கும், ரென்னெட் வேலை செய்ய இடம் கிடைக்காது. கறந்த பாலை 63 டிகிரியில் 30 நிமிஷம் வச்சிருந்து 32-க்கு ஆற விடுங்க. ரென்னெட்டின் வீரியம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அளவை லேபிள்ல பாருங்க. அதைக் கரைக்கக் குழாய்த் தண்ணி வேண்டாம், குளோரின் கெடுத்துடும். காய்ச்சி ஆறின தண்ணி போதும். அரை நிமிஷம் கலக்கிட்டு 45 நிமிஷம் அசைக்காம விடுங்க.

மன்னை அடுப்படி: இவ்வளவு பாடு எதுக்கு? எலுமிச்சையிலேயே மென்மையா வரும். திரிஞ்ச உடனே அடுப்பை அணைச்சு, பாரம் வைக்காம வடிகட்டினா போதும். கட்டியைப் பெரிசா வெட்டிட்டா வேலை முடிஞ்சது.

குடந்தை கறவைக்காரர்: பாரம் வைக்காதது சரி, மென்மை கொஞ்சம் கூடும். ஆனா அமிலத்துல பால் தானா துகளாத் திரியுது, அதுல வெட்ட என்ன இருக்கு? ரென்னெட்லதான் பாத்திரம் முழுக்க ஒரே ஏடா உறையும். கத்தியைச் சாய்வா விட்டு லேசா தூக்கினா சுத்தமா பிளக்கணும், பிளவுல தெளிஞ்ச தண்ணி ஊறணும். வெள்ளையா ஊறினா இன்னும் 10 நிமிஷம் விடுங்க. அவசரப்பட்டு வெட்டினா கொழுப்பும் புரதமும் தண்ணியோட போயிடும்.

தண்ணி வெளியேறுறது வெட்டின முகங்கள் வழியா. 1 செ.மீ. கட்டிக்கு, அதன் பருமனோட பார்த்தா, 2.5 செ.மீ. கட்டியைவிட இரண்டரை மடங்கு முகம். அதனால சின்னது சீக்கிரம் காய்ஞ்சு கெட்டியாகும். உங்களுக்கு 2.5 செ.மீ. போதும். 10 நிமிஷம் விட்டு, கலக்காம கரண்டியால துணியில எடுத்து வைங்க. நம்ம ஊர் வெக்கையில வெளியே தொங்கவிட்டா புளிச்சுடும், ஃபிரிட்ஜுல வடிய விடுங்க. கட்டிகளை ஒரே அளவா வெட்டுங்க; சிறிசும் பெரிசுமா இருந்தா ஒரே சீஸ்ல ஒரு பக்கம் ரப்பர், ஒரு பக்கம் கூழ்.

நாகை இனிப்பு: ரசகுல்லாவுக்கும் இதே முறை ஆகுமா? எங்களுக்கு எலுமிச்சைதான் சரியா வருது.

குடந்தை கறவைக்காரர்: அதுக்கு அமிலமே நல்லது, இது வேற.

மன்னை அடுப்படி: 2.5 செ.மீ. வெட்டினா ரெண்டு நாள்ல கீழே தண்ணி கட்டும். அதுக்கு 1.5 செ.மீ.யே நல்லது.

குடந்தை கறவைக்காரர்: எருமைப்பாலுக்கு அது சரி, அது கெட்டியாவே உறையும். பசும்பாலுக்கு நான் 2.5-தான் சொல்வேன். உப்பை முழுசா வடிஞ்ச பிறகு போடுங்க. முன்னாடியே போட்டா இன்னும் தண்ணி இழுக்கும்.

திருவையாறு வாசகி: எங்களுக்கு வர்றது பாதி எருமை, பாதி பசு கலந்த பால். ரெண்டு அளவுலயும் பாதிப்பாதி தனிப் பாத்திரத்துல வெட்டிப் பார்க்கிறேன்.