வேறு கல்லூரி கூடுதல் உதவி தந்துள்ளது: நிதியுதவி அலுவலகத்துக்கு மறுபரிசீலனை மின்னஞ்சல் எப்படி எழுதுவது?

பேரணாம்பட்டுத் தந்தை (ஏப்ரல் 10)

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு அமெரிக்காவில் இரண்டு கல்லூரிகளில் இளங்கலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அவள் சேர விரும்புவது முதல் கல்லூரி. இரண்டாவது கல்லூரியில் நாங்கள் கட்ட வேண்டிய தொகை குறைவு. முதல் கல்லூரியின் கடிதத்தில் ஓராண்டுச் செலவு 84,000 டாலர் என்றும், கல்லூரி தரும் உதவி 69,000 டாலர் என்றும், வளாக வேலை மூலம் 2,500 டாலர் என்றும் போட்டு, குடும்பம் கட்ட வேண்டியது 12,500 டாலர் என்று காட்டியிருக்கிறார்கள். இரண்டாவது கல்லூரியின் செலவு 74,000, உதவி 68,000, ஆகவே நாங்கள் கட்ட வேண்டியது 6,000 மட்டுமே.

இந்த 6,500 டாலர் வித்தியாசத்தைச் சொல்லி முதல் கல்லூரியிடம் மறுபடியும் கேட்கலாம் என்று நினைக்கிறோம். ஆங்கிலத்தில் அனுப்பப்போகும் மின்னஞ்சலின் சாரம் இதுதான்: "உங்களைவிட இன்னொரு கல்லூரி 6,500 டாலர் குறைவாகக் கேட்கிறது. அதற்கு ஈடாக நீங்களும் தந்தால் உடனே சேர்ந்துவிடுவேன்." இது சரியா? மகள் பெயரில் அனுப்புவதா, என் பெயரில் அனுப்புவதா? மே 1-க்குள் முடிவு சொல்ல வேண்டும்.

காட்பாடிக்காரன்

ஐயா, தயங்காமல் அனுப்புங்கள். லாங் பஜாரில் அடுத்த கடை விலையைச் சொன்னால் இந்தக் கடைக்காரர் இறங்கி வருவதைப் போலத்தான் இதுவும். இரண்டாவது கல்லூரியின் கடிதத்தை முழுமையாக இணைத்துவிடுங்கள், அதுதான் முக்கியம். என் சித்தப்பா மகனுக்கு ஆண்டுக்கு 4,000 டாலர் கூட்டிக் கொடுத்தார்கள்.

ஆற்காட்டு வாசகி

சார், வங்கியில் கல்விக் கடன் கேட்கும்போது இரண்டு கல்லூரிக் கடிதங்களையும் காட்ட வேண்டுமா என்பதுதானே உங்கள் கேள்வி? எந்தக் கல்லூரியில் சேர்வது என்று முடிவு செய்த பிறகு அந்த ஒன்றைக் காட்டினால் போதும். எங்கள் கிளையில் ஈடாக வைத்த மனைக்கு வில்லங்கச் சான்றும் கேட்டார்கள்.

பேரணாம்பட்டுத் தந்தை

இல்லை அம்மா, கடனைப் பற்றி இன்னும் யோசிக்கவில்லை. கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதுவதைப் பற்றித்தான் கேட்டேன்.

சத்துவாச்சாரி

அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் நிதியுதவி அலுவலகத்தில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இப்போது வேலூரில் இருக்கிறேன். இத்தகைய மின்னஞ்சல்களை மறுமுனையில் இருந்து படித்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். அதற்கு முன் இரண்டு விவரங்கள் தேவை. இரண்டாவது கல்லூரியின் 68,000 டாலரில் மெரிட் ஸ்காலர்ஷிப் எவ்வளவு, குடும்பத்தின் தேவையைப் பார்த்துக் கொடுத்தது எவ்வளவு? அந்த 74,000 டாலருக்குள் மருத்துவக் காப்பீடு, புத்தகம், பயணம் ஆகியவை அடங்குகின்றனவா?

பேரணாம்பட்டுத் தந்தை

மெரிட் 20,000, தேவை அடிப்படையில் 48,000. காப்பீடு 2,900 டாலர் தனி என்று கடிதத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கிறது. நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன். புத்தகமும் பயணமும் அதில் இல்லை. முதல் கல்லூரிக் கடிதத்தில் காப்பீடும், புத்தகத்துக்கு 1,000 டாலரும், பயணத்துக்கு 2,000 டாலரும் சேர்ந்தே இருக்கின்றன.

சத்துவாச்சாரி

அப்படியானால் முதலில் கணக்கைச் சமன் செய்வோம். வளாக வேலையில் வரும் 2,500 டாலர் செமஸ்டர் தொடங்கிய பின் மாதாமாதம் சம்பளமாக வருவது. ஆகஸ்டில் கட்ட வேண்டிய கட்டணத்திலிருந்து அதைக் கழிக்க முடியாது. எனவே முதல் கல்லூரிக்கு உங்கள் உண்மையான பொறுப்பு 15,000 டாலர். இரண்டாவது கல்லூரியின் 74,000-உடன் காப்பீடு, புத்தகம், பயணம் மூன்றையும் கூட்டினால் 79,900. அதில் உதவியைக் கழித்தால் 11,900. ஆக வித்தியாசம் 6,500 அல்ல, 3,100. அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் இந்தக் கூட்டல் கழித்தலை இரண்டு நிமிடத்தில் செய்துவிடுவார். 6,500 என்று நீங்கள் எழுதியிருந்தால், அதற்குப் பிறகு எழுதிய எதையும் அவர் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

அடுத்தது இதைவிட முக்கியமானது. உங்கள் முதல் கல்லூரி மெரிட் உதவியே தராமல் தேவையை மட்டும் பார்ப்பது என்று நினைக்கிறேன். அத்தகைய அலுவலகத்துக்கு வேறொரு கல்லூரி மாணவியின் மதிப்பெண்ணைப் பார்த்துக் கொடுத்த 20,000 டாலர் ஒரு வாதமே ஆகாது. அவர்கள் பார்ப்பது, "இதே குடும்பத்தின் தேவையை இன்னொரு அலுவலகம் எங்களைவிட அதிகமாகக் கணித்திருக்கிறதா?" என்பதை மட்டும்தான். தேவை என்ற தலைப்பில் இரண்டாவது கல்லூரி கொடுத்தது 48,000. முதல் கல்லூரி கொடுத்தது 69,000. மெரிட் கொடுத்த அளவுக்குத் தேவை உதவியைக் குறைத்துக்கொள்ளும் கல்லூரிகளும் உண்டு என்பதால் இந்த ஒப்பீடு முழுவதும் நேரானது அல்ல. ஆனாலும் கடிதத்தின் மேல்தோற்றம் உங்களுக்குச் சாதகமாக இல்லை. காட்பாடி நண்பர் சொன்னது மெரிட் கொடுத்து மாணவர்களை ஈர்க்கும் கல்லூரிகளுக்குப் பொருந்தும்; அவருடைய உறவினர் சேர்ந்தது அத்தகைய கல்லூரியாக இருக்கலாம்.

எனவே போட்டிக் கடிதம் உங்கள் முதல் காரணமாக இருக்கக் கூடாது. விண்ணப்பத்தில் காட்டிய வருமானத்துக்கும் இன்றைய வருமானத்துக்கும் மாற்றம் ஏதேனும் உண்டா?

காட்பாடிக்காரன்

அம்மா சொல்வது சரிதான், அவன் சேர்ந்தது மெரிட் கொடுக்கும் கல்லூரிதான். அந்த வேறுபாடு எனக்குத் தெரியாது.

பேரணாம்பட்டுத் தந்தை

மாற்றம் இருக்கிறது. நான் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன், 22 மெஷின்கள். எங்களுக்கு வேலை தரும் ஏற்றுமதி நிறுவனத்தின் சரக்கில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போவது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்ட பிறகு ஆர்டர் சரிந்துவிட்டது. மாதம் சராசரியாக 6.5 லட்சத்துக்கு பில் போட்ட இடத்தில், செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை சராசரி 3.8 லட்சம்தான், 9 மெஷின்களுக்கு உறை போட்டு வைத்திருக்கிறேன். விண்ணப்பத்தில் காட்டியது 2024-25 வருமான வரிக் கணக்கின் 18 லட்சம். இந்த ஆண்டு 11 லட்சம் தேறினால் பெரிது. இதைச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சத்துவாச்சாரி

இதுதான் உங்கள் கடிதம், ஐயா. நிதியுதவிக்காக நிரப்பும் சிஎஸ்எஸ் புரொஃபைல் படிவத்தில் சிறப்புச் சூழ்நிலைகளை விளக்கும் பகுதி ஒன்று உண்டு; அதில் ஏதேனும் எழுதினீர்களா?

பேரணாம்பட்டுத் தந்தை

வெறுமையாக விட்டுவிட்டோம். நவம்பரில் நிரப்பியபோது பொங்கலுக்குள் ஆர்டர் திரும்பிவிடும் என்று ஏற்றுமதி நிறுவன முதலாளி சொல்லியிருந்தார்.

சத்துவாச்சாரி

அதை அப்படியே ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள், ஏனெனில் "அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்பதுதான் அவர்கள் மனதில் எழும் முதல் கேள்வி.

ஆதாரத்தில்தான் நம் ஊர்க் குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன. நம் வரிக் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. சரிவு நிகழ்ந்த 2025-26-க்கான வருமான வரிக் கணக்கை நீங்கள் இன்னும் தாக்கல் செய்திருக்க முடியாது. "புதிய வரிக் கணக்கு அனுப்புங்கள்" என்று அவர்கள் கேட்பதற்கு முன்பே, அது ஏன் இப்போது இல்லை என்பதை நீங்களே விளக்கிவிட்டு, அதற்குப் பதிலாக ஓராண்டுக்கான மாதாந்திர ஜிஎஸ்டி 3பி கணக்குகள், யூனிட்டின் நடப்புக் கணக்கு வங்கி அறிக்கை, ஆடிட்டர் கையொப்பமிட்ட வருமான மதிப்பீடு ஆகியவற்றை இணைக்க வேண்டும். மார்ச் மாத 3பி தாக்கலுக்கு ஏப்ரல் 20 வரை நாள் இருக்கிறது. முடிந்தால் முன்னதாகவே போட்டுவிடுங்கள். பில் தொகை குறைந்ததையும் கையில் நிற்கும் வருமானம் குறைந்ததையும் தனித்தனியாகக் காட்டுங்கள், அவர்களுக்கு வேண்டியது இரண்டாவது.

மின்னஞ்சலை மகளே, விண்ணப்பத்தில் கொடுத்த அதே முகவரியிலிருந்து, விண்ணப்ப எண்ணைப் பொருள் வரியிலேயே குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். மாணவி பதினெட்டு வயதுப் பெண்ணாகத் தன் குரலில் எழுதுவதைத்தான் அங்கே எதிர்பார்ப்பார்கள். தந்தை எழுதினால் பதிலை மகளுக்குத்தான் அனுப்புவார்கள். "ஈடாகத் தாருங்கள்", "பேரம்" என்ற தொனி எங்கும் வர வேண்டாம், கேட்பது மறுபரிசீலனை. ஆனால் தொகையைத் தெளிவாகச் சொல்லுங்கள். குடும்பத்தால் எவ்வளவு முடியும்?

பேரணாம்பட்டுத் தந்தை

என் மைத்துனர் தரும் தொகையையும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 டாலர். அதற்கு மேல் என்றால் மெஷின்களை விற்க வேண்டும்.

குடியாத்தம் எம்எஸ்

அண்ணா, நான் சென்ற ஆண்டு இதையே செய்தேன். நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதியதில் பயன் இல்லை. துறையின் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிய பிறகுதான் டீச்சிங் அசிஸ்டன்ட்ஷிப் கிடைத்தது. ஏப்ரல் 15 நெருங்கிவிட்டது, சீக்கிரம் துறைக்கு எழுதுங்கள்.

சத்துவாச்சாரி

தம்பி, அது முதுகலை, முனைவர் படிப்புகளுக்கான நடைமுறை. ஏப்ரல் 15 என்ற நாளும் அங்கே உதவித்தொகையோடு இடம் கிடைத்தவர்கள் பதில் சொல்வதற்கானது. இளங்கலைக்குத் துறைகள் பொதுவாகப் பணம் தருவதில்லை, இவர்களுக்கு நாள் மே 1. உங்கள் பதிலைப் பார்த்து ஐயா பதற்றப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பேரணாம்பட்டுத் தந்தை (ஏப்ரல் 12)

மகள் திருத்தி எழுதியதன் தமிழ் வடிவம்:

"எனக்கு இடமும் 69,000 டாலர் உதவியும் அளித்ததற்கு நன்றி. உங்கள் கல்லூரியில் சேரவே விரும்புகிறேன். என் விண்ணப்பத்தில் உள்ள வருமானம், எங்கள் குடும்பத் தொழிலைப் பாதித்த 2025 ஆகஸ்ட் வரி உயர்வுக்கு முந்தையது. நவம்பரில் படிவம் நிரப்பியபோது இச்சரிவு தற்காலிகமானது என்று நம்பியதால் குறிப்பிடவில்லை. ஆண்டு வருமானம் 18 லட்சம் ரூபாயிலிருந்து ஏறத்தாழ 11 லட்சமாகக் குறைந்துள்ளது. இந்தியாவின் வரி ஆண்டு மார்ச்சில் முடிவதால் புதிய வரிக் கணக்கு இன்னும் தயாராகவில்லை. அதற்குப் பதிலாக மாதாந்திர வரித் தாக்கல்கள், வங்கி அறிக்கை, ஆடிட்டர் கடிதம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். எங்களால் ஆண்டுக்கு 10,000 டாலர் கட்ட இயலும். இப்போதைய கணக்கில் 15,000 டாலர் தேவைப்படுகிறது. இந்த 5,000 டாலர் இடைவெளியை மறுபரிசீலனை செய்யக் கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு கல்லூரியில், அதே வகைச் செலவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டால், நாங்கள் கட்ட வேண்டியது 11,900 டாலர். அக்கடிதத்தையும் உங்கள் பார்வைக்கு இணைத்துள்ளேன்."

சத்துவாச்சாரி

நன்றாக இருக்கிறது. ஒன்றை மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள்: கூட்டித் தரும் தொகை நான்கு ஆண்டுகளுக்கும் தொடருமா என்று இப்போதே கேட்க வேண்டும். முதலாண்டுக்கு மட்டும் கொடுத்துவிட்டு இரண்டாம் ஆண்டில் பழைய கணக்குக்குத் திரும்பிய சம்பவங்களைப் பார்த்திருக்கிறேன். மே 1-க்குள் பதில் வராவிட்டால் கால நீட்டிப்பை நிதியுதவி அலுவலகத்திடம் அல்ல, சேர்க்கை அலுவலகத்திடம் தனி மின்னஞ்சலில் கேட்க வேண்டும். பதில் வரும்வரை இருக்கட்டும் என்று இரண்டு கல்லூரிகளுக்கும் முன்பணம் கட்டிவிடாதீர்கள். தெரியவந்தால் இரண்டு இடமும் போகலாம்.

காட்பாடிக்காரன்

இரண்டாவது கடிதம் பலவீனமானது என்று நீங்களே சொன்னீர்கள். பிறகு அதை ஏன் இணைக்க வேண்டும்? மெரிட் 20,000 கண்ணில் படுமே.

சத்துவாச்சாரி

இதில் என்னோடு வேலை பார்த்தவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இருந்ததில்லை. குறிப்பிட்டால் இணைக்க வேண்டும், இணைக்க மனமில்லையென்றால் குறிப்பிடவே வேண்டாம் என்பது என் எண்ணம். தொகையைச் சொல்லிவிட்டுக் கடிதத்தை மறைப்பதுதான் கெடுதல்.

பேரணாம்பட்டுத் தந்தை (ஏப்ரல் 14)

கடிதத்தை இணைத்தே அனுப்பினாள். இன்று காலை பதில் வந்தது: குழு பார்ப்பதற்கு இரண்டு வாரம் ஆகும், ஆடிட்டர் கடிதத்தில் அவருடைய உறுப்பினர் எண்ணும் மார்ச் மாத வங்கி அறிக்கையும் வேண்டும் என்கிறார்கள். இரண்டாவது கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சித்திரை ஒன்று என்பதால் இன்று ஆடிட்டர் அலுவலகம் பூட்டியிருக்கிறது. நாளைக் காலை முதல் பேருந்தில் குடியாத்தம் போகிறேன்.