செக்குமாட்டோட்டமா, இடைச்சுற்றோட்டமா?

ராணிப்பேட்டை, டேனரி மின் பராமரிப்பாளர்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் டேனரிக்குத் தொழிற்பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு பராமரிப்புக் குறிப்பு எழுதி வருகிறேன். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். இரண்டு த்ரீ ஃபேஸ் டிரான்ஸ்ஃபார்மர்களைப் பேரலலாக ஓட்டும்போது, லோடுக்குப் போகாமல் இரண்டுக்கும் நடுவிலேயே சுற்றிவருகிறதே சர்குலேட்டிங் கரன்ட், அதற்கு என்ன போடலாம்? இப்போதைக்கு 'சுழல் மின்னோட்டம்' என்று எழுதியிருக்கிறேன்.

எங்களிடம் 11 கேவி வாங்கி 433 வோல்ட் தரும் 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு. பழையதன் பெயர்ப்பலகையில் இம்பீடன்ஸ் 4 சதவீதம், போன வருடம் வந்ததில் 5. டிரம்கள் எல்லாம் ஓடும் நேரத்தில் லோடு 900 கேவிஏ வரை போகும். அப்போது பழையது 820 ஆம்பியர் காட்டுகிறது, புதியது 400. முழு லோடுக்கே 667 ஆம்பியர்தான். இந்த வெயிலில் பழையதன் எண்ணெய்ச் சூட்டைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. இம்பீடன்ஸ் சமமில்லாததால் கரன்ட் சுற்றுகிறது என்று குறிப்பில் எழுதிவிட்டேன். சரிதானே?

காட்பாடி, இயற்பியல் ஆசிரியை:

'சுழல் மின்னோட்டம்' வேண்டாம் சார். பன்னிரண்டாம் வகுப்பில் எடி கரன்ட்டுக்கு அந்தப் பெயரைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். இரும்பு உள்ளகத்துக்குள் சுழன்று சூடாக்குவது அது. உங்கள் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுத்தான் வருவார்கள், குழம்பிப்போவார்கள். 'சுற்று மின்னோட்டம்' என்றாலும் மின்சுற்று என்பதோடு மோதும். 'வளைய மின்னோட்டம்' எப்படி?

வாலாஜா, ஓய்வுபெற்ற துணைமின்நிலையப் பொறியாளர்:

சொல்லுக்கு முன்னால் பொருளைச் சரிசெய்துகொள்வோம், தம்பி. நீங்கள் எழுதிய வாக்கியத்தில் இரண்டு நோய்கள் ஒரே பெயரில் இருக்கின்றன.

இரண்டு டிரான்ஸ்ஃபார்மருக்கும் வோல்டேஜ் விகிதம் ஒன்று, வெக்டர் குரூப் ஒன்று என்றால், இம்பீடன்ஸ் எவ்வளவு வேறுபட்டாலும் லோடு இல்லாதபோது எதுவும் சுற்றாது. சுற்றுவதற்குத் தள்ளுகிற வோல்டேஜ் வேண்டுமே, அது எங்கிருந்து வரும்? இம்பீடன்ஸ் வித்தியாசம் செய்வது பங்கீட்டைக் கெடுப்பதுதான். 4 சதவீதக்காரன் 5 பங்கு சுமப்பான், 5 சதவீதக்காரன் 4 பங்கு. உங்கள் 900 கேவிஏவில் பழையதுக்கு 500, புதியதுக்கு 400. ஆம்பியரில் 667, 533. பெயரளவில் 1000 கேவிஏ இருந்தாலும் 900-க்கு மேல் போனால் பழையது ஓவர்லோடு.

ஆனால் உங்கள் மீட்டர் 820, 400 என்கிறது. இம்பீடன்ஸ் மட்டும் குற்றவாளி என்றால் அவ்வளவு விலகாது. டேப் நிலையைப் பாருங்கள். பழையதை எப்போதோ ஒரு கோடையில், 11 கேவி இறங்குகிறது என்று ஒரு டேப் மாற்றியிருப்பார்கள். புதியது வந்த நிலையிலேயே நிற்கும்.

ஒரு டேப் என்பது 2.5 சதவீதம். அதைத் தடுத்து நிற்பது இரண்டு இம்பீடன்ஸும் சேர்ந்த 9 சதவீதம் மட்டுமே. 2.5-ஐ 9-ஆல் வகுத்தால் 0.278. 667-இல் அது 185 ஆம்பியர். ஒரு பல்பு கூட எரியாதபோதும் இந்த 185 ஓடிக்கொண்டே இருக்கும்.

குடியாத்தம், விசைத்தறிக் கூடம்:

எங்களுக்கும் இதே பிரச்சினைதான் அண்ணா. இரண்டு டீசல் ஜெனரேட்டரைச் சேர்த்து ஓட்டினால் நியூட்ரல் கம்பி சுடுகிறது. லோடு சமமாகத்தான் பிரிகிறது. இதற்கும் டேப் மாற்றினால் போதுமா?

வாலாஜா பொறியாளர்:

ஜெனரேட்டரில் டேப் ஏது தம்பி! இரண்டின் வைண்டிங் பிட்ச் வேறாக இருந்தால் மூன்றாவது ஹார்மோனிக் நியூட்ரல் வழியாகச் சுற்றும். அது தனிக் கதை, தனி மடலில் எழுதுங்கள். ஆனால் நம் சொல்லுக்கு நல்ல சோதனை: அதையும் சுற்றுகிறது என்றுதான் சொல்கிறோம்.

ஆம்பூர், ஷூ தொழிற்சாலைப் பொறியாளர்:

என் ஓட்டு 'செக்குமாட்டோட்டம்'. சுற்றிச் சுற்றி வந்தாலும் ஊர் போய்ச் சேராது.

ராணிப்பேட்டை சார், டேப்பைச் சமமாக்க வேண்டாம், எதிர்ப்பக்கம் மாற்றுங்கள். புதியதை ஒரு படி உயரமாக வைத்தால் சுற்றும் கரன்ட் பழையதன் சுமையைக் குறைக்கும். இம்பீடன்ஸ் குறையையும் அதிலேயே சரிக்கட்டிவிடலாம்.

வாலாஜா பொறியாளர்:

செக்குமாடு சுற்றினால் எண்ணெய் வரும். இது சுற்றினால் இருக்கிற எண்ணெய் சூடாகும், அவ்வளவுதான்.

ஆம்பூர்க்காரர் சொல்வதில் பாதி சரி. 0.8 பவர் ஃபேக்டரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எதிராக மாற்றினால் பழையது 533-க்கு இறங்கும், ஆனால் புதியது 690-க்கு ஏறும். ஓவர்லோடு இடம் மாறியது, தீரவில்லை. சுற்றுவது பெரும்பாலும் ரியாக்டிவ் கரன்ட் என்பதால் கிலோவாட் பங்கீடு ஏறக்குறைய அப்படியே நிற்கும். இரவில் டிரம் நின்றபின் 185-உம் வெட்டியாகச் சுற்றும்.

ராணிப்பேட்டை பராமரிப்பாளர்:

ஞாயிற்றுக்கிழமை ஷட்டவுனில் பார்த்தோம். பழையது டேப் 4, புதியது 3. நீங்கள் சொன்னபடியே.

முதலில் வெளியே போகும் ஃபீடர்களை எல்லாம் நிறுத்தி, இரண்டு இன்கமரையும் மூடி வைத்துப் பார்த்தேன். புதியது 240-க்கு மேல் காட்டியது, பழையது அதைவிட மிகக் குறைவாக. குழம்பிப்போனேன். அப்புறம்தான் கெப்பாசிட்டர் பேனல் ஆனில் இருப்பதை உதவியாளர் கண்டுபிடித்தார். அதையும் நிறுத்தியதும் இரண்டும் 180-ஐ ஒட்டி நின்றன. பஸ்பாரில் எதுவும் வாங்கவில்லை, ஆனால் இரண்டு அம்மீட்டரும் ஒரே அளவு காட்டுகின்றன. பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் இல்லை.

இரண்டையும் 11 கேவி பக்கமும் அணைத்து, எர்த் போட்டு, பழையதை டேப் 3-க்குக் கொண்டுவந்தோம். லோடு இல்லாமல் இப்போது பூஜ்யம். திங்கள்கிழமை உச்ச நேரத்தில் பழையது 660, புதியது 530. குறிப்பில் 900 கேவிஏ எல்லை என்று சிவப்பில் எழுதிவிட்டேன்.

சொல்தான் இன்னும் பாக்கி. எங்கள் ஆட்கள் "கரன்ட் உள்ளுக்குள்ளேயே சுத்துது" என்பார்கள். 'உட்சுற்றோட்டம்'?

காட்பாடி ஆசிரியை:

எதற்கு உள்ளே? ஒரே டிரான்ஸ்ஃபார்மரின் டெல்டா வைண்டிங்குக்குள்ளும் மூன்றாவது ஹார்மோனிக் சுற்றுமே, அதுதான் உண்மையில் உட்சுற்று. இங்கே இரண்டுக்கு இடையில் சுற்றுகிறது. அதனால் 'இடைச்சுற்றோட்டம்'. என் 'வளைய'த்தைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆம்பூர் பொறியாளர்:

'இடைச்சுற்றோட்டம்' வாயில் நுழைகிறது. ஆனால் ஒரு கேள்வி. லோடு ஓடும்போது இரண்டு கரன்ட்டின் வித்தியாசத்தில் பாதியைச் சர்குலேட்டிங் கரன்ட் என்று கொள்பவர்களும் உண்டு. அப்படிப் பார்த்தால் டேப் ஒன்றாக இருந்தும், இம்பீடன்ஸ் வித்தியாசத்தால் வருவதும் அதே பெயருக்குள் வந்துவிடும். இடைச்சுற்றோட்டம் அதையும் குறிக்குமா?

வாலாஜா பொறியாளர்:

குறிக்கக்கூடாது என்பேன். லோடை அணைத்தாலும் நிற்காததற்கு மட்டும் 'இடைச்சுற்றோட்டம்'. மற்றது 'பங்கீட்டு வேறுபாடு'. ஒன்றுக்கு டேப் மாற்றலாம், மற்றதற்கு லோடைக் குறைக்க வேண்டும் அல்லது டிரான்ஸ்ஃபார்மரையே மாற்ற வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தால் பையன் தப்பான ஸ்பேனரை எடுப்பான்.

ஆம்பூர் பொறியாளர்:

எங்கள் ரிலேயின் கையேடு அப்படிப் பிரிக்கவில்லை ஐயா. எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

குடியாத்தம் விசைத்தறி:

நியூட்ரலில் ஓடுவதற்கும் ஒரு பெயர் வையுங்கள்.