வடகம் யூனிட்: 3 லட்சம் கடன், மழைக்காலத் தவணையை எங்கிருந்து கட்டுவது?

வடகக்கூடை:
கும்பகோணம் பக்கம் பத்துப் பேர் உள்ள மகளிர் குழு. கூழ் வடகம் போட்டு 200 கிராம் பாக்கெட்டாகக் கடைகளுக்குத் தர யோசனை. வங்கியில் 3 லட்சம், 12% வட்டி, 24 மாதம் என்கிறார்கள். இந்த ஆகஸ்ட் கடைசியில் பணம் வந்துவிடும்.

செலவுத் திட்டம்: பிழியும் மெஷின் 85,000, டில்டிங் கிரைண்டர் 45,000, அடுப்பு, பாத்திரம் 40,000, பேண்ட் சீலரும் தராசும் 20,000. மீதி 1,10,000 சரக்குக்கு.

ஒரு கிலோவுக்கு அரிசி, ஜவ்வரிசி, மிளகாய், கேஸ், பாக்கெட், வண்டிச் செலவு, 40 ரூபாய் கூலி எல்லாம் சேர்த்து 165 அடக்கம். கடைக்கு 225. மாதம் 250 கிலோ விற்றால் 15,000 நிற்கும், தவணை போக மிச்சம் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கோம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வெயிலே இருக்காதே, அப்போ என்ன பண்றதுன்னு ஒரு அக்கா கேட்டாங்க. பதில் தெரியலை.

மொட்டைமாடி:
தவணையே தப்பா போட்டிருக்கீங்க மேடம். 3 லட்சத்துக்கு 12%னா வருஷம் 36,000 வட்டி, ரெண்டு வருஷத்துக்கு 72,000. மொத்தம் 3,72,000, அதை 24ஆல வகுத்தா மாசம் 15,500. உங்க 15,000 பத்தாது.

கணக்குப்புள்ள:
15,500 என்பது முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி போடும் கணக்கு. சில தனியார் நிறுவனங்கள் அப்படிப் போடுவதால் பலருக்கும் அதுவே பழகிவிட்டது. வங்கியில் கட்டக் கட்டக் குறையும் நிலுவைக்குத்தான் வட்டி. அப்படிப் பார்த்தால் தவணை 14,122. ஆனாலும் மொட்டைமாடி சொன்ன முடிவு சரிதான், 15,000 பத்தாது. காரணம் வேறு: வாடகையும் கரண்டும் உங்கள் கணக்கில் இல்லை. அது எவ்வளவு வரும்?

வடகக்கூடை:
ரெண்டும் சேர்ந்து 4,000 வரும் சார்.

கணக்குப்புள்ள:
அப்படியானால் மாதம் 18,122 வேண்டும். கிலோவுக்கு 60 நின்றால் 302 கிலோ விற்கணும்.

முதலில் தவணைக் காலத்தை 36 மாதமாகக் கேளுங்கள். தவணை 9,964 ஆகும். மொத்த வட்டி சுமார் 38,900லிருந்து 58,700 ஆகும், கிட்டத்தட்ட 20,000 கூடுதல். மாதம் 4,158 ரூபாய் மூச்சு விட இடம் கிடைப்பதற்கு அந்த விலை கொடுக்கலாம் என்பது என் கருத்து. வாடகையோடு 13,964, அதாவது மாதம் 233 கிலோ. முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் உண்டா என்பதை மட்டும் கையெழுத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

இப்போது அந்த அக்கா கேட்ட கேள்வி. ஐப்பசி தொடக்கத்திலிருந்து பொங்கல் வரை மூன்று மாதம் உற்பத்தி இல்லை என்றே வையுங்கள். விற்பனை நிற்காது, மழைக்குத்தான் வடகம் கூடுதலாகப் போகும். ஆகவே அக்டோபர் தொடக்கத்தில் 700 கிலோ இருப்பு கையில் இருக்கணும். அடக்க விலையில் 1,15,500 ரூபாய் டின்னுக்குள் தூங்கும். அதோடு கடைக்காரர்கள் ஒன்றரை மாதம் கடன் சொன்னால் 350 கிலோ சரக்கு வெளியே நிற்கும், அது 57,750. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 1,73,000. உங்கள் திட்டத்தில் இருப்பது 1,10,000. மழைக்கு முன்பே அரிசி வாங்கக் காசு இருக்காது.

சீரகச்சம்பா:
உணவு பதப்படுத்தும் குறு நிறுவனத் திட்டத்துல 35% மானியம் உண்டே. அதை வாங்கிச் சரக்குல போட்டா பிரச்சனை தீர்ந்தது. நாங்க மசாலாப் பொடிக்கு அப்படித்தான் விண்ணப்பிச்சிருக்கோம். பொடிக்கு எந்த பாக்கெட் நல்லது, யாராவது சொல்லுங்க?

கணக்குப்புள்ள:
அந்த மானியம் கைக்கு வராது. வங்கியில் தனிக் கணக்கில் நிற்கும். அந்த அளவுக்கு வட்டி கிடையாது, அது லாபம்தான். ஆனால் மூன்று வருடம் கழித்து, கடன் ஒழுங்காக ஓடி யூனிட்டும் நடந்தால்தான் கழிப்பார்கள். அக்டோபரில் அரிசி வாங்க அது உதவாது. உங்கள் கணக்கிலும் அதை வரவாக எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். பாக்கெட் கேள்விக்குத் தனி இழை போடுங்க.

வடகக்கூடை, பிழியும் மெஷினை இப்போதைக்கு விடுங்கள். வருடத்துக்கு 2,800 கிலோ, நல்ல வெயில் நாள் 170 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 16, 17 கிலோ உலர்ந்த வடகம். ஐந்து பேர் விடியற்காலையில் உட்கார்ந்தால் நாழியிலேயே பிழிந்துவிடலாம். உங்களுக்குத் தடை பிழிவதில் இல்லை, காய வைக்கும் இடத்தில். ஒரு கிலோ அரிசிக்கு எத்தனை பாய் பிடிக்கிறது என்று போட்டுப் பார்த்து, மாடி கொள்ளுமா என்று பாருங்கள். மெஷினின் 85,000 சரக்குப் பக்கம் வந்தால் 1,95,000 ஆகும்.

இன்னொன்று, ஆகஸ்டில் பணம் வாங்காதீர்கள். மழைக்கு முன் உங்களுக்கு 45 வெயில் நாள் கிடைத்தாலே அதிகம், அதில் 740 கிலோ வரும். அந்த இரண்டு மாத விற்பனைக்கே 466 கிலோ போய்விடும், மழைக்கு மிஞ்சுவது 270 சொச்சம். பொங்கல் கழித்து வாங்கினால் எட்டு மாத வெயில் முன்னால் இருக்கும்.

வடகக்கூடை:
அனுமதி வந்த கடனைத் தள்ளிப்போட்டா ரத்தாகிடுமோன்னு பயமா இருக்கு. ஆறு மாசம் தவணை விடுப்பு கேட்டா?

கணக்குப்புள்ள:
விடுப்பிலும் மாதம் 3,000 வட்டி ஓடும். அனுமதிக் கடிதத்தில் எத்தனை மாதம் செல்லும் என்று இருக்கும், அதைப் பார்த்துவிட்டு மேனேஜரிடம் பேசுங்கள். முடிந்தால் சாமானுக்கு மட்டும் தவணைக் கடன், சரக்குக்கு ரொக்கக் கடன் வரம்பு என்று பிரித்துக் கேளுங்கள். வரம்பில் எடுத்த அளவுக்குத்தான் வட்டி, ஜூலையில் எடுத்து ஜனவரியில் திருப்பலாம். புதுக் குழுவுக்குத் தருவார்களா என்பது உங்கள் சேமிப்பையும் பழைய கடன் கட்டிய விதத்தையும் பொறுத்தது.

நாழி:
700 கிலோ வைக்கிறதுன்னா காய்ச்சல் முக்கியம். மேலே மொறுமொறுன்னு இருக்கும், உள்ளே ஈரம் நிக்கும். ஒவ்வொரு நாள் சரக்குலயும் ஒரு பிடி எடுத்துக் கண்ணாடி பாட்டில்ல இறுக்க மூடி ரெண்டு மணி நேரம் வெயில்ல வைங்க. உள்பக்கம் பனி மாதிரி படிஞ்சா இன்னும் ஒரு நாள் காயணும். சூடு ஆறாம டின்ல கொட்டினாலும் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். டின்ல தேதி எழுதி, பழசை முதல்ல வெளியே விடுங்க.

அப்புறம் அந்த 40 ரூபாய் கூலி. 16 கிலோவுக்கு 640, அஞ்சு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 128. அரைநாள் வேலைதான், ஆனா எத்தனை மாசம் வருவாங்க?

மொட்டைமாடி:
சொந்தத் தொழிலுக்கு எதுக்குக் கூலி? கடன் முடியுற வரைக்கும் கூலி வேண்டாம்னு தீர்மானம் போடுங்க.

நாழி:
தீர்மானப் புத்தகத்துல கையெழுத்துப் போடுவாங்க, வெயில் ஏறினா வேலைக்கு வரமாட்டாங்க. வர்ற நாலு பேர் வராத ஆறு பேரோட தவணையையும் சுமக்கணும், சண்டை அங்கதான் ஆரம்பிக்கும். கிலோ கணக்குல கூலி, வாராவாரம் கையில. லாபப் பங்கு வேற.

வடகக்கூடை:
60 ரூபாயா உயர்த்தினா கிலோவுக்கு 40தான் நிற்கும். 233 கிலோ 350 ஆயிடுமே?

கணக்குப்புள்ள:
ஆகும். பாக்கெட்டில் 60 ரூபாய் விலை போட்டுக் கடைக்கு 45க்குத் தருகிறீர்கள். நேரடியாக விற்றால் கிலோ 300. மாதம் 100 கிலோ நேரடியாகப் போனால் அதில் மட்டும் 7,500 கூடுதல், கூலி 60 கொடுத்தும் மீண்டும் சுமார் 160 கிலோவில் தவணை நின்றுவிடும். ஆனால் அந்த 100 கிலோ எங்கே போகும் என்பதை நீங்கள்தான் சொல்லணும். சந்தையிலோ கோயில் திருவிழாவிலோ பத்துக் கிலோ வைத்துப் பார்த்துவிட்டு அந்த எண்ணை ரிப்போர்ட்டில் எழுதுங்கள்.