ஆசிரியர் குரலில் போலி ஆடியோ: எப்படி மறுப்பது?

எங்கள் ஆசிரியர் பேசியதாக ஒரு நாற்பது விநாடி ஆடியோ போன வாரத்திலிருந்து மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. மூல உரையின் முழுப் பதிவு என்னிடம் இருக்கிறது. அதில் அவர், "பெண்களுக்கு இந்தப் பாடம் வராது என்று சிலர் சொல்வார்கள், அது பொய்" என்கிறார். சுற்றும் ஆடியோவில் இந்த வாக்கியத்தின் முதல் நான்கு சொற்கள் மட்டும்தான் இருக்கின்றன.

ஆடாசிட்டியில் இரண்டையும் ஸ்பெக்ட்ரோகிராமாகப் பார்த்தேன். வெட்டிய இடத்தில் மின்விசிறி இரைச்சல் சட்டென்று அறுகிறது, அரங்கின் எதிரொலி பாதியில் நிற்கிறது. ஆனால் சுற்றும் ஆடியோவின் கடைசி வாக்கியம் மூலத்தில் எங்குமே இல்லை. அதில் மூச்சு வாங்கும் சத்தமும் கேட்கவில்லை, கணினியில் உருவாக்கிய குரல் நகலாக இருக்கலாம். வாட்ஸ்அப் சுருக்கத்தில் நுண்ணிய ஒலிகள் போய்விடுவதால் அதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. போலி கண்டறியும் தளங்களில் ஒன்று உண்மை என்கிறது, இன்னொன்று போலி என்கிறது.

முழு உரையையும் குழுக்களில் போட்டேன். ஒரு மணி நேரப் பதிவை யாரும் கேட்கவில்லை. அவரே மறுத்தும், மாட்டிக்கொண்டதால் மறுக்கிறார் என்கிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

போலியை மறுபடி பரப்பாமல், வெட்டையும் அந்தக் கடைசி வாக்கியத்தையும் சாதாரணமாகக் கேட்பவருக்கு ஒரு நிமிடத்துக்குள் புரியும்படி எப்படித் தொகுப்பது?