ரஷ்ய வேற்றுமை: பெயரடைக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம்?

வணக்கம். மருத்துவம் படிக்க ரஷ்யா செல்லவிருக்கும் அக்கா மகளுக்கு, கோபிச்செட்டிப்பாளையத்தில் ரஷ்ய மொழி சொல்லித் தருகிறேன்.

'பேனாவால் எழுதுகிறேன்' என்பது 'பிஷூ ருச்கோய்'. 'ருச்கா'வின் ஈறு மாறி நம் 'ஆல்' வேலையைச் செய்கிறது. 'அண்ணனோடு' என்றாலும் அதே வேற்றுமைதான், முன்னால் 'ஸ்' மட்டும் சேரும்: 'ஸ் பிராதோம்'. ஆண்பால் என்பதால் ஈறு 'ஓம்'. நம் மூன்றாம் வேற்றுமையிலும் ஆலும் ஓடும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் அல்லவா? கருவிக்கு 'ஆல்', துணைக்கு 'ஓடு' என்று பிரித்துக் காட்டியதும், பேனாவுக்கு முன்னால் 'ஸ்' போடுவதை விட்டுவிட்டாள்.

சிக்கல் பெயரடையில். 'புதிய பேனாவால்' என்னும்போது 'புதிய' அசைவதில்லை. ரஷ்யத்தில் 'நோவயா ருச்கா' என்பது 'நோவோய் ருச்கோய்' ஆகிவிடும். அவளோ 'நோவயா ருச்கோய்' என்றே எழுதுகிறாள். இங்கே தமிழில் பிடிமானம் கிடைக்கவில்லை.

கற்பித்து அனுபவம் உள்ளவர்களே, பெயரடையையும் பெயரையும் ஒரே சொல்லாகப் பழக்கினீர்களா, அட்டவணை கொடுத்தீர்களா? தயவுசெய்து சொல்லுங்கள்.