ஆங்கிள் லூப், ரேட் லூப்: இரண்டு எதற்கு?

மாறன்: சொந்தமாக ஃப்ளைட் கன்ட்ரோலர் எழுதுகிறேன். 15 அங்குல ப்ராப் உள்ள பெரிய குவாட் ட்ரோன். சாய்வுப் பிழையைப் பார்த்து ஒரு சுழல் வேகத்தைக் கேட்கும் ஆங்கிள் லூப்பும், உள்ளே அந்த வேகத்தைக் கொண்டுவரும் ரேட் லூப்பும் 1000 ஹெர்ட்ஸில் ஓடுகின்றன. ஸ்டிக்கைச் சட்டென்று சாய்த்தால் கேட்ட கோணத்தைத் தாண்டிப் போய், நொடிக்கு ஒரு ஆட்டம் வீதம் ஆடிவிட்டுத்தான் நிற்கிறது. ஆங்கிள் கெயின் 6.5. உள் லூப் வேகமாக இருக்க வேண்டும் என்கிறார்களே, ரேட் லூப்பை 2000 ஆக்கினால் சரியாகுமா?

செல்வம்: இரண்டு லூப்பே வேண்டாம் என்பேன். இதை விரித்துப் பாருங்கள்:

```
rate_cmd = K * (angle_des - angle)
torque   = P * (rate_cmd - rate)
```

கோணப் பிழையை `P*K` ஆல் பெருக்கி, சுழல் வேகத்தை `P` ஆல் பெருக்கிக் கழிக்கிறீர்கள். வெறும் பி-டி கன்ட்ரோலர்தான் இது. எதற்கு இரண்டு அடுக்கு?

சுழலி: செல்வம் போட்ட கணக்கு சரிதான். ஆனால் `K`, `P` என்ற வெறும் பி கெயின் மட்டும் இருக்கும் வரைதான் அது பொருந்தும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

மாறன், 2000 ஆக்கினால் ஒன்றும் மாறாது. வேகம் என்பது கோடு நொடிக்கு எத்தனை முறை ஓடுகிறது என்பதல்ல. கேட்ட சுழல் வேகத்தை குவாட் எவ்வளவு சீக்கிரம் எட்டுகிறது என்பதுதான். அக்ரோ மோடில், அதாவது ஆங்கிள் லூப் இல்லாமல், ஸ்டிக்கை ஒரே தட்டாகத் தட்டி, கேட்ட ரேட்டையும் கிடைத்த ரேட்டையும் லாகில் ஒன்றாக வரைந்து பாருங்கள். கேட்டதில் 63 சதவீதத்தைத் தொட எவ்வளவு நேரம்?

மாறன்: நொடிக்கு 60 டிகிரி கேட்டேன். 38-ஐத் தொட 0.15 நொடி ஆகிறது.

சுழலி: அங்கேதான் சிக்கல். அந்த 0.15-ஐ `T` என்று வைத்தால், ஆங்கிள் லூப்பின் தணிப்பு விகிதம் ஏறத்தாழ `1/(2*sqrt(K*T))`. `K`-க்கு உங்கள் ஆங்கிள் கெயின் 6.5 போட்டால் 0.5 வருகிறது. 16 சதவீதம் தாண்டும், ஆட்டம் நொடிக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். நீங்கள் பார்ப்பதும் அதுதானே!

முதலில் ரேட் பி-யைக் கூட்டுங்கள். `T` குறையும். ஆனால் பெரிய ப்ராப்பைச் சுழற்றும் மோட்டார் உடனே வேகம் மாறாது. ஒரு கட்டத்தில் வேகமான நடுக்கம் தொடங்கும், மோட்டார் சூடாகும். அங்கிருந்து நன்றாகப் பின்வாங்குங்கள். அப்புறம் `T`-யை மறுபடி அளந்து `K`-வை `1/(2*T)` பக்கத்தில் வையுங்கள். `T` 0.15-லேயே நின்றால் 3.3 வரும். அதில் தாண்டல் 4 சதவீதம்தான்.

வானவன்: எனக்கும் இதே பிரச்சினை. ஸ்டிக்கை விட்டாலும் குவாட் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போகிறது. ஆங்கிள் கெயினைக் கூட்டியும் நிற்கவில்லை.

சுழலி: உங்களுடையது வேறு, வானவன். ஆங்கிள் லூப் சாய்வைத்தான் பிடிக்கும், இடத்தைப் பிடிக்காது. காற்றே இல்லாத இடத்திலும் நகர்ந்தால் ஆக்சிலரோமீட்டர் லெவல் காலிபிரேஷனைப் பாருங்கள். காற்றில் மட்டும் நகர்ந்தால் அது இயல்பு.

செல்வம்: என் கேள்வி நிற்கிறது. அதே `K`, `P` கொடுத்தால் ஒற்றை லூப்பும் இப்படியே பறக்கும்.

சுழலி: சின்ன அசைவில் பறக்கும். 40 டிகிரி பிழை வந்தால்? 6.5 கெயினில் நொடிக்கு 260 டிகிரி கேட்கும். இரண்டு அடுக்கில் நடுவே 120 என்று ஒரு வரம்பு போட்டுவிடலாம். இன்னொன்று ஐ, அதாவது பிழையைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டே போய்த் திருத்தும் இன்டெக்ரல் பகுதி. பேட்டரி ஒரு பக்கம் தள்ளி இருந்தால் அந்த நிலையான டார்க்கை ரேட் லூப்பின் ஐ சுமந்துவிடும், கோணப் பிழையும் பூஜ்ஜியமாகும். அக்ரோவுக்கு மாறினாலும் அந்தத் திருத்தம் அங்கேயே இருக்கும்.

செல்வம்: வரம்பை நானும் போடலாம். `K*பிழை`-யை வெட்டினால் போதும்.

சுழலி: அப்படி வெட்டினால் நீங்கள் எழுதியதும் இரண்டு லூப்தான், செல்வம்.

செல்வம்: ஐ விஷயத்தை ஏற்கிறேன். ஆனால் `K`-வைப் பாதியாக்கச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. காற்று தள்ளும்போது எதிர்த்து நிற்பது `P*K` என்ற பெருக்கல்தான். `K` பாதியானால் குவாட் கூடுதலாகச் சாயும்.

சுழலி: நீடித்த காற்றுக்கு ஐ இருக்கிறது. சட்டென்ற அடியை முதலில் எதிர்ப்பது `P`, அதை நாம் குறைக்கவில்லையே.

செல்வம்: அடிக்கும் நீடித்த காற்றுக்கும் நடுவே அரை நொடி இருக்கிறது. ஐ நிரம்புவதற்குள் `P*K` மட்டும்தான் துணை.

மாறன்: பி-யைக் கூட்டியதில் `T` 0.11-க்கு வந்தது, அதற்கு மேல் நடுக்கம். `K` 4.5 வைத்தேன். ஆட்டம் போய்விட்டது. காற்றில் இன்னும் பறக்கவிடவில்லை. லாக் எடுத்ததும் போடுகிறேன். அப்போது செல்வம் சொன்ன அந்த அரை நொடியையும் பார்த்துவிடலாம்.